கொசு மருந்துக்குப் பழகுவதில்லை

வண்டிப்பெரியாரில் தமிழ்வழியில் படிக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கைத் தேர்வு பற்றி ஒரு பயிற்சித்தாள் தயாரிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து வேண்டாம். அதை அவர்கள் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். பள்ளிக்கூடத்து மதிலைத் தாண்டினால் தேயிலை இருக்கிறது, அந்தத் தேயிலையில் கொசு இருக்கிறது. சூழலை நான்கே வரியில் எழுதிவிடலாம்: ஒரு தேயிலைக்காட்டில் கொசு கிளம்பியது. மருந்து அடித்தார்கள், பத்தில் ஒன்பது செத்தது. மாதம் கழித்து மறுபடியும் கொசு, மறுபடியும் அதே மருந்து. நான்காவது முறை அடித்தபோது கிட்டத்தட்டப் பாதி சாகவில்லை. ஏன்?

பிள்ளைகள் எழுதப்போகும் விடை இப்போதே தெரியும்: ‘கொசு மருந்துக்குப் பழகிவிட்டது.’ மருந்து அடிக்கிறவரும் அதைத்தான் சொல்வார், மேற்பார்வை பார்க்கிறவரும் அதைத்தான் சொல்வார். படித்தவர்கள் கொஞ்சம் நாகரிகமாக, ‘தன்னைத் தகவமைத்துக்கொண்டது’ என்பார்கள். இரண்டும் ஒரே தவறுதான். எந்த ஒரு கொசுவும் எதற்கும் பழகவில்லை. மருந்தில் நனைந்த கொசு ஒன்று செத்தது, அல்லது சாகவில்லை. மாறியது கொசு அல்ல, கொசுக் கூட்டத்தின் கணக்கு. ஒரு நல்ல பயிற்சித்தாள் இந்த வித்தியாசத்தைப் பிள்ளையின் கையாலேயே போட்டுப் பார்க்க வைக்க வேண்டும். கையில் கிடைக்கும் தாள்களில் பெரும்பாலானவை அதைச் செய்வதில்லை. ‘வேறுபாடு, போராட்டம், தகுதியானது பிழைத்தல்’ என்று மூன்று சொல்லை நிரப்பச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கின்றன.

முதலில் பூச்சியைப் பார்ப்போம். தேயிலைக் கொசு உண்மையில் கொசு இல்லை, சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. கொசுவைப் போல ஒல்லியாக, நீண்ட காலோடு இருப்பதால் அந்தப் பெயர். விலங்கியல் பெயர் ஹெலோபெல்டிஸ் தெய்வோரா. உற்றுப் பார்த்தால் முதுகில் குண்டூசி குத்தி வைத்ததுபோல ஒரு சின்னக் கொம்பு நிமிர்ந்து நிற்கும். குஞ்சும் சரி, வளர்ந்ததும் சரி, கொழுந்தில்தான் வாய் வைக்கும். குத்திய இடத்தில் முதலில் நீர் கோத்ததுபோல ஒரு வட்டம் தெரியும், பிறகு அது பழுப்பாகிக் கருகும். ஒரே பூச்சி ஒரு நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட இடத்தில் குத்தும். இலை சுருண்டு, கொழுந்து காய்ந்துபோகும். கூடையோடு போகிறவர்களுக்கு அன்றைக்கு எடுக்க ஒன்றும் இருக்காது. முட்டையை இளந்தண்டுக்குள், கொழுந்து கிள்ளிய காம்பின் நுனிக்குள் செருகி வைத்துவிடும். வெளியே இரண்டு மெல்லிய மயிர் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், அதுவும் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. முட்டையிலிருந்து முட்டையிடும் வயது வரை ஏறக்குறைய ஒரு மாதம். மழைக்காலத்தில் தலைமுறைமேல் தலைமுறை வந்துகொண்டே இருக்கும்.

நம் பாடத்துக்கு இந்த ஒரு மாதம்தான் முக்கியம். ஒரு பண்பு கூட்டத்தில் பரவுவதைப் பார்க்க யானையை எடுத்துக்கொண்டால் பேரன் காலம் வரை காத்திருக்க வேண்டும். கொசுவை எடுத்துக்கொண்டால் ஒரு பருவத்துக்குள் கணக்கு முடிந்துவிடும்.

இனி கணக்கு. எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. ஒரு காட்டில் ஆயிரம் கொசு. அவற்றில் பத்துக்கு மட்டும் உடம்பில் ஒரு நொதி கூடுதலாகச் சுரக்கிறது. மருந்து உள்ளே போனால் அது வேலை செய்யும் முன்பே பெரும்பகுதியை இந்த நொதி உடைத்துவிடும். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கும் இருக்கும் என்று இப்போதைக்கு எளிதாக வைத்துக்கொள்வோம். மருந்து அடித்தால் சாதாரணக் கொசுவில் நூற்றுக்குப் பத்து பிழைக்கும், நொதிக்காரக் கொசுவில் நூற்றுக்கு அறுபது பிழைக்கும். மருந்து அடிக்காதபோது இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பார்க்கவும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதல் மருந்து. சாதாரணக் கொசு 990-இல் 99 மிச்சம். நொதிக்காரர் 10-இல் 6 மிச்சம். மொத்தம் 105. ஆயிரத்தில் தொள்ளாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செத்திருக்கிறது, எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நூற்றில் ஒன்றாக இருந்த நொதிக்காரர்கள் இப்போது நூற்றில் ஆறு. பிழைத்தவை குஞ்சு பொரித்து மறுபடி ஆயிரம் ஆகும்போது அவர்கள் எண்ணிக்கை 57.

இரண்டாவது மருந்து. 943-இல் 94, 57-இல் 34, மொத்தம் 128 மிச்சம். செத்தது 872. இன்னும் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் நொதிக்காரர் பங்கு நூற்றில் 27 ஆகிவிட்டது. மூன்றாவது மருந்தில் 233 பிழைக்கும், அதில் நூற்றுக்கு 69 பேர் நொதிக்காரர். நான்காவதில் 443 பிழைக்கும், அதில் நூற்றுக்கு 93.

இந்த அட்டவணையைப் பிள்ளை தானே போட்டு முடித்ததும் கேட்க வேண்டிய கேள்வி, ‘மருந்து வேலை செய்யவில்லை என்று தோட்டத்தில் எப்போது தெரியும்?’ என்பது. முதல் இரண்டு முறையும் தெரியாது. மூன்றாவது முறை, ‘கலவை சரியில்லையோ’ என்று ஒரு பேச்சு வரும். நான்காவது முறை கூச்சல் வரும். ஆனால் மூன்றாவது மருந்துக்குப் பிறகே காட்டில் பெரும்பான்மை நொதிக்காரர்கள்தான். பண்பு அரிதாக இருக்கும்போது வேகமாகப் பெருகினாலும் கண்ணில் படாது, கண்ணில் படும்போது பாதிக் காரியம் முடிந்துவிட்டது. ‘நேற்று வரை நன்றாகச் செத்துக்கொண்டிருந்தது, திடீரென்று பழகிவிட்டது’ என்று தோன்றுவதற்கு இதுதான் காரணம். திடீர் என்று ஒன்றும் நடக்கவில்லை.

கணக்கில் ஒரு குறுக்குவழி உண்டு, கெட்டிக்காரப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பிழைக்கும் வாய்ப்பு 60-க்கு 10, அதாவது ஆறு மடங்கு. நொதிக்காரருக்கும் மற்றவர்களுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு மருந்துக்கும் ஆறால் பெருக்கினால் போதும். 10-க்கு 990, பிறகு 60-க்கு 990, பிறகு 360-க்கு, 2160-க்கு, 12960-க்கு. இந்த ஆறுதான் தேர்வின் பலம். மருந்து இரண்டு கூட்டத்தையும் ஒரே அளவில் கொன்றிருந்தால் பெருக்கும் எண் ஒன்றாகிவிடும், எத்தனை முறை அடித்தாலும் விகிதம் நகராது. நொதி பரம்பரையாக வராமல், நல்ல கொழுந்து தின்றதால் மட்டும் வந்திருந்தால், பிழைத்தவற்றின் குஞ்சுகள் பழையபடியே பிறக்கும், விகிதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வேறுபாடு இருக்க வேண்டும், அது பரம்பரையாக வர வேண்டும், பிழைப்பதிலோ பெருகுவதிலோ அது வித்தியாசம் காட்ட வேண்டும். பாடப்புத்தகம் மனப்பாடம் செய்யச் சொல்லும் இந்த மூன்றையும் கணக்கில் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் மனப்பாடம் தேவைப்படாது.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அந்தப் பத்துக் கொசு முதலிலேயே இருந்தது என்று நாமே வைத்துக்கொண்டோமே, மருந்து பட்டதால்தான் அந்த நொதி உண்டாகியிருக்கக் கூடாதா? இது சிறுபிள்ளைக் கேள்வி இல்லை. 1914-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் மெலாண்டர் என்ற பூச்சியியலாளர், பழமரங்களைத் தாக்கும் சான் ஹோசே செதில்பூச்சி கந்தகச் சுண்ணாம்புக் கலவைக்கு முன்போல மடிவதில்லை என்று பார்த்து, பூச்சிகள் மருந்தை எதிர்க்கும் வல்லமை பெற முடியுமா என்று கேட்டுக் கட்டுரை எழுதினார். பூச்சி எதிர்ப்புத்திறன் பற்றிய முதல் பதிவு அது. காரணம் எது என்ற வாதம் அதன்பின் பல பத்தாண்டு ஓடியது.

அதைத் தீர்த்த சோதனைகளில் ஒன்று 1960-இல் பழ ஈக்களை வைத்து நடந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த ஈக்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் டிடிடி கொடுத்தார்கள். எந்தக் குடும்பத்தில் பிழைத்தவை அதிகமோ, அந்தக் குடும்பத்தின் மறுபாதியை, அதாவது மருந்தே படாத உடன்பிறப்புகளை, அடுத்த தலைமுறைக்குத் தேர்ந்தெடுத்தார்கள். இப்படியே தொடர்ந்தபோது, முன்னோர் எவர் மேலும் மருந்து படாத ஒரு வம்சம் டிடிடியைத் தாங்குவதாக வளர்ந்து நின்றது. மருந்து பண்பை உண்டாக்கவில்லை, ஏற்கெனவே இருந்ததைப் பொறுக்கி எடுத்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

இன்னொரு சாட்சி ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. ஆடுகளில் புண் வைக்கும் ஊன் ஈக்கள் மாலத்தியானைத் தாங்குகின்றன. அருங்காட்சியகங்களில் ஊசி குத்தி வைத்திருந்த பழைய ஈக்களின் மரபணுவை எடுத்துப் பார்த்தார்கள். அந்த வகை மருந்துகள் புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே பிடித்துப் பெட்டியில் வைத்த ஈக்கள் அவை. மாலத்தியானைத் தாங்க வைக்கும் மாற்றம் அவற்றில் சிலவற்றில் ஏற்கெனவே இருந்தது. ஆனால் டயசினான் என்ற இன்னொரு மருந்தைத் தாங்க வைக்கும் மாற்றம் அந்தப் பழைய ஈக்களில் தென்படவில்லை. 2006-இல் வெளிவந்த இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது பாதிதான். சில பண்பு மருந்துக்கு முன்பே கூட்டத்தில் இருக்கும், சில பண்பு பின்னால் புதிதாகத் தோன்றும். பின்னால் தோன்றினாலும் தற்செயலாகத் தோன்றுமே தவிர, மருந்தைப் பார்த்து அதற்கேற்பத் தோன்றுவதில்லை.

தேயிலைக் கொசுவுக்கு வருவோம். வட வங்கத்தின் டூவார்ஸ் பகுதியிலும் அசாமிலும் இந்தக் கொசுவின் எதிர்ப்புத்திறனைப் பல ஆண்டுகளாக அளந்திருக்கிறார்கள். எண்டோசல்ஃபானுக்கும், பைரித்ராய்டு வகை மருந்துகளுக்கும், பின்னால் வந்த நியோநிகோடினாய்டு வகைக்கும் அங்கே தாங்கும் திறன் கூடியிருக்கிறது. மருந்து அதிகம் அடிக்கும் தோட்டத்துக் கொசுக்களில் எஸ்டரேஸ் போன்ற நச்சு முறிக்கும் நொதிகள் கூடுதலாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். நம் பயிற்சித்தாளின் ‘நொதிக்காரக் கொசு’ கற்பனை இல்லை என்று சொல்ல இது போதும்.

ஆனால் ஒரு காட்டில் கொசு சாகவில்லை என்றால் அது உடனே இயற்கைத் தேர்வு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எல்லாவற்றுக்கும் பரிணாமத்தைக் காரணம் சொல்வது, பரிணாமத்தையே மறுப்பதற்கு அடுத்த பெரிய தவறு. கலவையில் தண்ணீர் கூடியிருக்கலாம். அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்து கழுவியிருக்கலாம், ஜூன், ஜூலையில் இங்கே அதுதான் வழக்கம். நடுப்பகலில் அடித்திருக்கலாம், இந்தக் கொசு காலையிலும் அந்தியிலும்தான் மேலே வந்து நடமாடும், வெயில் ஏறினால் செடிக்கு உள்ளே இறங்கிவிடும். காம்புக்குள் இருந்த முட்டைகள் மருந்து படாமல் தப்பி அடுத்த வாரம் பொரித்திருக்கலாம். கருகிய கொழுந்தைப் பார்த்து இவற்றை எதிர்ப்புத்திறனிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது.

பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. சந்தேகமுள்ள காட்டிலிருந்தும், மருந்தே அடிக்காத ஓர் இடத்திலிருந்தும் கொசு பிடித்து வர வேண்டும். மருந்தைப் பல அளவில் கரைத்து, ஒவ்வொன்றிலும் கொழுந்தை முக்கி உலர்த்தி, இரண்டு கூட்டத்தையும் தனித்தனியே அதில் விட வேண்டும். வெறும் தண்ணீரில் முக்கிய கொழுந்திலும் கொஞ்சம் விட வேண்டும், பிடித்து வந்த அலுப்பிலேயே எத்தனை சாகிறது என்று தெரிய வேண்டுமே. பிறகு பாதிக் கொசு சாகும் அளவு இரண்டு கூட்டத்துக்கும் எவ்வளவு என்று கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். காட்டுக் கொசுவுக்குப் பல மடங்கு கூடுதல் மருந்து தேவைப்பட்டால் எதிர்ப்புத்திறன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் குறை தெளிப்பானிலோ நேரத்திலோ மழையிலோ இருக்கிறது.

இந்தச் சிக்கலை நன்றாகப் பிடித்த பாடம் ஒன்று நம் நாட்டுப் புத்தகத்திலேயே இருந்தது. என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் வண்டுகளை வைத்து மூன்று கதை வந்தது. சிவப்பு வண்டுகளிடையே பச்சை வண்டு ஒன்று பிறக்கிறது, பச்சை இலையில் காகத்தின் கண்ணுக்கு அது தெரிவதில்லை, அதனால் பெருகுகிறது. இது தேர்வு. அடுத்ததில் ஒரு நீல வண்டு பிறக்கிறது, அந்த நிறத்தால் ஒரு பயனும் இல்லை, ஆனால் யானை ஒன்று புதரை மிதித்ததில் தப்பித்தவை பெரும்பாலும் நீலமாகப் போய்விடுகின்றன. இது வெறும் தற்செயல். மூன்றாவதில் செடிக்கு நோய் வந்து வண்டுகள் மெலிகின்றன, செடி தேறியதும் பழையபடி கொழுக்கின்றன. இது பரம்பரையே இல்லை. 2023-இல் பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்று பரிணாமப் பகுதியையே அந்த நூலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதோடு இந்த மூன்று கதையும் போனது. எடுத்ததற்குச் சொன்ன காரணம் எனக்கு ஒப்பவில்லை. அந்த நூலில் பிள்ளையை யோசிக்க வைத்த பக்கங்கள் அவை.

தேயிலைக்காட்டில் மூன்றுக்கும் உதாரணம் உண்டு. மருந்து அடித்ததில் நொதிக்காரர் பெருகியது முதல் கதை. ஒரு காட்டைக் கவ்வாத்து வெட்டினால் இலையும் கொழுந்தும் போய்க் கொசுவும் ஏறக்குறைய அற்றுப்போகும். ஓரத்துச் செடியில் ஒட்டிக்கொண்ட நாலைந்து தப்பும். அவற்றில் மூன்று நொதிக்காரராக இருந்துவிட்டால், மருந்தே இல்லாமல் நொதிக்காரர் பங்கு எகிறிவிடும். இது யானை மிதித்த கதை. உரமில்லாமல் நலிந்த செடியில் வளர்ந்த கொசு சிறுத்திருப்பது மூன்றாவது. தேர்வையும் தற்செயலையும் பிரிப்பது எப்படி? ஒரு காட்டை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மருந்து அடித்த பத்துக் காடு, அடிக்காத பத்துக் காடு என்று பார்க்க வேண்டும். தற்செயல் என்றால் சிலதில் ஏறும், சிலதில் இறங்கும். தேர்வு என்றால் மருந்தடித்த காடெல்லாம் ஒரே பக்கமாகச் சாயும்.

கணக்கைப் பின்னோக்கியும் ஓட்டிப் பார்க்கலாம். நான்கு மருந்துக்குப் பிறகு அந்த மருந்தை நிறுத்திவிட்டோம். கூடுதல் நொதி சுரக்க உடம்பில் செலவு ஆகிறது, அதனால் நொதிக்காரக் கொசுக்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைவாக முட்டை இடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். இப்போது விகிதத்தை ஒவ்வொரு தலைமுறைக்கும் 0.8-ஆல் பெருக்க வேண்டும். நான்கே தலைமுறையில் நூற்றில் 93 ஆன பண்பு, பத்துத் தலைமுறை கழித்தும் நூற்றில் 58-க்கு மேல் நிற்கும். ஏறியது ஆறு மடங்கு வேகத்தில், இறங்குவது ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில். ‘ஒரு வருடம் விட்டுவிட்டு அதே மருந்தை மறுபடி அடிக்கலாம்’ என்ற நம்பிக்கை பலிக்காமல் போவது இப்படித்தான். பெயரை மாற்றி அதே வகை மருந்தை வாங்கி அடிப்பதும் இதே கதைதான், நொதிக்கு விற்பனைப் பெயர் தெரியாது. வகையை மாற்ற வேண்டும். மருந்து படாத ஓரங்களிலிருந்து சாதாரணக் கொசு வந்து கலப்பது மட்டும் விகிதத்தைச் சட்டென்று இறக்கும். நூற்றில் 27 நொதிக்காரர் உள்ள ஆயிரத்தோடு, நொதி இல்லாத ஆயிரம் வெளியிலிருந்து வந்து சேர்ந்தால் ஒரே நாளில் அது பாதியாகிவிடும்.

தாயைப்போல் பிள்ளை என்று எளிதாக்கிக்கொண்டதையும் சொல்லிவிட வேண்டும். உண்மையில் கொசுவுக்கு ஒவ்வொரு மரபணுவிலும் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. ஒரு பிரதி இருந்தாலே தாங்கும் என்றால் நம் கணக்கைப்போல வேகமாக ஏறும். இரண்டும் வேண்டும் என்றால் தொடக்கத்தில் பல தலைமுறை ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், ஏனென்றால் அரிதான இரண்டு பேர் சந்தித்தால்தான் அப்படி ஒரு குஞ்சு பிறக்கும்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு பக்கத்துக் காட்டுக்குள் போனால் என்ன ஆகும்? பெரியாறு புலிகள் காப்பகத்தில் 1970-களிலும் 80-களிலும் தந்தத்துக்காகக் கொம்பன் யானைகளைத் தேடித் தேடிக் கொன்றார்கள். ஆசிய யானையில் தந்தம் ஆணுக்குத்தான், அதிலும் எல்லா ஆணுக்கும் இல்லை. தந்தமில்லாத ஆணை மக்னா என்பார்கள், மலையாளத்தில் மோழை. வேட்டைக்காரனுக்கு மக்னாவால் பயனில்லை. 80-களின் கடைசியில் பெரியாற்றில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூறு பெண்ணுக்கு மேல் என்று விகிதம் சாய்ந்துவிட்டது. பெண் யானைகளுக்குப் பிறக்கும் கன்றுகளும் குறைந்தன. நம் பயிற்சித்தாளின்படி பார்த்தால் தந்தமில்லாமை பயனுள்ள பண்பு, அது பரவ வேண்டும்.

ஆண்களில் மக்னாவின் பங்கு அந்தத் தலைமுறையில் கூடியது உண்மைதான், கொம்பன்களைக் கழித்துவிட்டால் மிச்சம் அவர்கள்தானே. ஆனால் அது கொசுக் கணக்கின் முதல் பாதி மட்டுமே, பிழைத்தவர்களை எண்ணுவது. பிறந்தவர்களை எண்ணுவது அடுத்த பாதி. அதற்கு யானையில் இருபது ஆண்டுக்கு மேல் ஆகும், அதற்குள் வேட்டை அடங்கிவிட்டது. மொசாம்பிக்கின் கொரொங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் யானைகள் பத்தில் ஒன்பது கொல்லப்பட்டன. அங்கே பெண்ணுக்கும் தந்தம் உண்டு. போருக்கு முன் நூற்றில் 18 அல்லது 19 பெண் யானைகள் தந்தமில்லாமல் இருந்தன, போருக்குப் பின் பாதி. போர் முடிந்து பிறந்த பெண் கன்றுகளில் மூன்றில் ஒரு பங்கு தந்தமில்லாதவை. 2021-இல் வந்த அந்த ஆய்வு அடுத்த தலைமுறையையும் எண்ணியதால்தான் அதைத் தேர்வு என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது. பிழைத்தவர்களில் பாதி, பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கு என்ற இறக்கமும் கவனிக்க வேண்டியது. அந்த மரபணு ஆண் கருவைக் கொன்றுவிடுகிறது என்பதற்கும் அங்கே தடயம் கிடைத்தது. பெண்ணுக்கு உதவும் பண்பே மகனுக்கு எமனாக இருந்தால் அது நூற்றுக்கு நூறு ஆகவே முடியாது.

இலங்கையிலோ ஆண் யானைகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட ஒழுங்கான தந்தம் இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் கொம்பன்களைப் பிடித்ததும் கொன்றதும் காரணம் என்கிறார்கள் ஒரு சாரார். தீவில் முதலில் இருந்த சிறு கூட்டத்திலேயே மக்னாக்கள் அதிகமாக இருந்திருக்கலாம் என்கிறார்கள் இன்னொரு சாரார். பச்சை வண்டா, நீல வண்டா என்ற அதே கேள்விதான். தந்தம் இல்லாதது ஆணுக்குப் பெரிய இழப்பு இல்லை என்பதும் இதில் சேர்கிறது. காசிரங்காவில் ஆண் யானைகளின் மோதல்களைக் கவனித்து 2013-இல் வெளியான ஆய்வில், வெற்றியைத் தீர்மானித்தது மதமும் உடல் பருமனும்தான், தந்தத்துக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. இழப்பில்லாத பண்பு தேர்வே இல்லாமல் தற்செயலாகவும் பரவலாம்.

ஆகவே பயிற்சித்தாளின் கடைசிக் கேள்வியாக இதை வைக்கலாம், பத்து மதிப்பெண்: பெரியாற்றில் இன்றைக்கு நூறு இளம் ஆண் யானைகளை எண்ணி, இத்தனை மக்னா என்று உனக்கு ஒரு எண் கொடுத்தால், அது வேட்டையின் விளைவு என்று சொல்ல இன்னும் என்னென்ன எண்கள் வேண்டும்? வேட்டைக்கு முன் மக்னா எத்தனை, வேட்டையில் தப்பியவர்களில் எத்தனை, அவர்களுக்குப் பிறந்த ஆண்களில் எத்தனை, வேட்டை குறைவாக இருந்த வேறொரு காட்டில் அதே காலத்தில் எத்தனை என்று நான்கையும் கேட்கிற பிள்ளைக்கு முழு மதிப்பெண். ‘யானை பழகிவிட்டது’ என்று எழுதும் பிள்ளையை மறுபடி கொசு அட்டவணைக்கு அனுப்ப வேண்டும்.